ஒரு சரக்கு, ஐந்து தேதி

மதுரையில் ஒரு ஜவுளிக்கடை. அக்டோபர் 27-ஆம் தேதி கடைக்காரர் ஈரோட்டு மொத்த வியாபாரிக்குப் போன் போட்டு, சென்னிமலைப் பெட்ஷீட்டும் துண்டுமாக 3,20,000 ரூபாய்க்குச் சரக்கு கேட்கிறார். 31-ஆம் தேதி சாயங்காலம் ஈரோட்டில் பில் போடப்படுகிறது. அன்றைக்கு லாரியில் இடம் இல்லை. நவம்பர் 1-ஆம் தேதி காலையில்தான் பேல்கள் ஏறுகின்றன. 2-ஆம் தேதி மதுரையில் இறங்குகின்றன. பணம் டிசம்பர் நடுவில் வருகிறது.

சரக்கு ஒன்றுதான், தேதி ஐந்து. இந்த 3,20,000 ரூபாய் எந்த மாதத்து விற்பனை?

"பில் போட்டாச்சுங்களே, அப்ப அக்டோபர்தானுங்க" என்பார் பில் போடும் பையன். "பணம் வந்தால்தான் விற்பனை" என்பார் பழைய காலத்து முதலாளி. "சரக்கு எப்போது வெளியே போனது?" என்று கேட்பார் ஆடிட்டர். மூன்று பேருமே ஏதோ ஒரு கணக்கை மனத்தில் வைத்துத்தான் பேசுகிறார்கள். மாதக் கடைசியில் கணக்கை முடிப்பது என்றால், இந்த ஐந்து தேதிகளில் எது எந்தக் கணக்குக்கு உரியது என்று ஒவ்வொரு ஆர்டருக்கும், திரும்பி வந்த ஒவ்வொரு மூட்டைக்கும், கைக்கு வந்த ஒவ்வொரு ரூபாய்க்கும் தீர்மானிப்பது. கூட்டல் கழித்தல் எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். எந்தத் தேதியைப் போடுவது என்பதை மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இந்த ஈரோட்டுக் கடையையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் 60 லட்சம் ரூபாய் வியாபாரம். பெட்ஷீட், துண்டு, ஜமக்காளம். வாங்குவோர் தமிழ்நாடு முழுக்க உள்ள சில்லறைக் கடைக்காரர்கள். தீபாவளி முடிந்த அக்டோபர் மாதம். 31-ஆம் தேதி இரவு எட்டு மணிக்குக் கம்ப்யூட்டரில் விற்பனைப் பதிவேட்டைத் திறந்தால், வரி நீங்கலாக 62,40,000 ரூபாய் என்று காட்டுகிறது. பதிவேட்டில் பொய்யான பில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அந்தத் தொகை அக்டோபரின் விற்பனை அல்ல.

முதலில் மதுரைச் சரக்கு. இந்த வியாபாரத்தில் லாரி ஆபீஸில் சரக்கை ஒப்படைத்து எல்.ஆர். ரசீது வாங்கிவிட்டால் விற்றவர் பொறுப்பு முடிந்தது என்பது வழக்கம். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. வாங்குபவருக்கு அனுப்புவதற்காக வண்டிக்காரரிடம் ஒப்படைத்தால், வேறு பேச்சு இல்லாத வரை அது வாங்குபவரிடமே கொடுத்ததற்குச் சமம். பேல்கள் 31-ஆம் தேதி இரவு ஈரோட்டு குடோனில்தான் கிடந்தன. அன்றிரவு மழைநீர் புகுந்து துணி நனைந்திருந்தால் நஷ்டம் யாருக்கு? ஈரோட்டுக்காரருக்குத்தான். நஷ்டம் இன்னும் இவர் தலையில் இருக்கும்போது விற்பனை முடிந்துவிட்டது என்று லாபக் கணக்கில் எழுத முடியாது. அந்த 3,20,000 நவம்பர் மாதத்து விற்பனை.

இதிலும் கிளைகள் உண்டு. "உங்கள் கடை வாசலில் இறக்கித் தருவது எங்கள் பொறுப்பு" என்று பேசியிருந்தால், லாரி ஏறிய நாள் கணக்கில் வராது, இறங்கிய நாள்தான் கணக்கு. வாங்குபவரே "இடம் இல்லை, உங்கள் குடோனில் பத்து நாள் வைத்திருங்கள், பில் போட்டுவிடுங்கள், சரக்கு என்னுடையதுதான்" என்று கேட்டு ஒப்புக்கொண்டிருந்தால், வெளியே போகாமலே விற்பனை ஆகிவிடும். ஆனால் அதைக் கேட்டவர் வாங்குபவராக இருக்க வேண்டும். அதற்கு எழுத்து வேண்டும். அந்தப் பேல்கள் தனியாகப் பெயர் எழுதி ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். மதுரைக்காரர் அப்படி எதுவும் கேட்கவில்லை. லாரியில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

பலர் தடுமாறும் இடம் இனிமேல்தான் வருகிறது. லாபக் கணக்குக்கு இது நவம்பர் விற்பனை. சரக்கு சேவை வரிக்கோ அக்டோபர் விற்பனை. அந்த வரிச் சட்டத்தில், வண்டியேறிப் போகும் சரக்குக்குப் பில் போட வேண்டிய கடைசி நேரம் அது கிளம்பும் நேரம். அதற்கு முன்னாலும் போடலாம். முன்னால் போட்டுவிட்டால் பில்லின் தேதியிலேயே வரிப் பொறுப்பு பிறந்துவிடுகிறது. ஆகவே மதுரை பில்லுக்கான வரி அக்டோபர் மாத ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தில் ஏற வேண்டும். அதை நவம்பர் 11-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஒரே பில் ஒரு கணக்கில் ஒரு மாதத்திலும் இன்னொரு கணக்கில் வேறு மாதத்திலும் நிற்கிறது. இரண்டும் சரி.

இந்தச் சிக்கல் வேண்டாம் என்றால் சுலபமான வழி உண்டு: லாரி வாசலுக்கு வந்த பிறகு பில் போடுவது. 31-ஆம் தேதி இரவே கவனித்தவர்கள் பில்லை ரத்து செய்துவிட்டு மறுநாள் புதிதாகப் போடலாம். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் செய்கிறவர்கள் கடைகளுக்கு விற்கும் ஒவ்வொரு பில்லையும் அரசின் இ-இன்வாய்ஸ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறை. அந்தப் பதிவை ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம். நேரம் தாண்டிவிட்டால் கிரெடிட் நோட் போட்டுத்தான் சரிசெய்ய முடியும். நம் கடையில் காலையில் லாரி வருவது உறுதி என்பதால் பில்லை அப்படியே விட்டுவிட்டார்கள். அதனால் அக்கவுண்டன்ட் 31-ஆம் தேதியிட்டு ஒரு ஜர்னல் பதிவு போட்டு விற்பனையிலிருந்து 3,20,000 ரூபாயைக் கழிக்கிறார். நவம்பர் 1-ஆம் தேதி அதே தொகையைத் திருப்பிச் சேர்க்கிறார்.

இரண்டாவது சிக்கல் இதற்கு நேர் எதிர். கோயம்புத்தூருக்கு 1,80,000 ரூபாய்ச் சரக்கு 31-ஆம் தேதி இரவு ஏழரை மணிக்கு வேனில் கிளம்பிவிட்டது. அவசரத்தில் டெலிவரி சலான் மட்டும் எழுதி, அதை வைத்து இ-வே பில் எடுத்துக் கொடுத்தனுப்பினார்கள். "பில்லைக் காலையில் போட்டுக்கலாமுங்க" என்று பையன் வீட்டுக்குப் போய்விட்டான். காலையில் பில் போட்டால் அதில் நவம்பர் 1 என்றுதான் தேதி விழும். குடோனில் சரக்கு இல்லை, விற்பனையிலும் பதிவு இல்லை. அக்டோபர் கணக்கில் 1,80,000 ரூபாய்ச் சரக்கு காற்றில் கரைந்துபோனதாகத் தெரியும்.

இதைப் பிடிப்பது எப்படி? பில் புத்தகத்தை எத்தனை முறை புரட்டினாலும் கிடைக்காது, அங்கேதான் பதிவே இல்லையே. தேட வேண்டிய இடம் வாசல். எந்தக் குடோனிலும் வாட்ச்மேனிடம் ஒரு கேட் ரிஜிஸ்டர் இருக்கும். வண்டி எண், நேரம், எத்தனை பேல் என்று அதில் எழுதியிருக்கும். அவருக்குப் பில்லைப் பற்றியோ மாத இலக்கைப் பற்றியோ கவலை இல்லை. அதனாலேயே அவர் எழுத்துக்கு மதிப்பு அதிகம். ஆடிட்டர்கள் பல தலைமுறைகளாகச் செய்துவரும் சோதனை இதுதான்: மாதக் கடைசி நாள் இரவில் கடைசி பில் எண், கடைசி சலான் எண், கேட் ரிஜிஸ்டரில் வெளியே போன கடைசி வரி, உள்ளே வந்த கடைசி வரி, கடைசி ரசீது எண் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்வது. இதைக் கட்-ஆஃப் எண்கள் என்பார்கள். அந்த வரிகளிலிருந்து பின்னோக்கி நாலைந்து நாளும், முன்னோக்கி நாலைந்து நாளும் ஒவ்வொன்றையும் அதன் ஜோடியோடு பொருத்திப் பார்க்க வேண்டும். வெளியே போன ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பில் இருக்கிறதா? ஒவ்வொரு பில்லுக்கும் வெளியே போன ஒரு வண்டி இருக்கிறதா? முதல் கேள்வி கோயம்புத்தூர்ச் சரக்கைப் பிடிக்கும். இரண்டாவது கேள்வி மதுரைச் சரக்கைப் பிடிக்கும். ஒன்றைக் கேட்டுவிட்டு மற்றதை விட்டுவிடுகிற கடைகளில் தப்பு ஒரு பக்கமாகவே சேர்ந்துகொண்டே போகும்.

இப்போது வாட்ச்மேனுக்குத் துணையாக இன்னொரு சாட்சியும் உண்டு. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு நகர வேண்டுமானால் இ-வே பில் வேண்டும். மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்தான் வரம்பு. அந்தத் தளத்திலிருந்து மாதப் பட்டியலை இறக்கி, பில் பட்டியலோடு வரிசையாகப் பொருத்தினால், சலானை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பிய வண்டிகள் தனியே துருத்திக்கொண்டு நிற்கும். நம் கடையில் அக்கவுண்டன்ட் இரவு பத்தரை மணிக்கு அப்படித்தான் கோயம்புத்தூர் வேனைக் கண்டுபிடித்தார். நள்ளிரவுக்கு முன்பே, அதே தேதியில், பில் போடப்பட்டது. நியாயமாக அது வண்டி கிளம்பும்போதே போயிருக்க வேண்டும். ஆனால் மாதமாவது மாறவில்லை. காலையில் கண்டுபிடித்திருந்தால், நவம்பர் 1-ஆம் தேதி உட்கார்ந்துகொண்டு அக்டோபர் 31 என்று தேதி போடும் ஆசை வந்திருக்கும். அந்த ஆசைக்கு இடம் கொடுப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்கே இருக்கிறது.

நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் இருந்தது. உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனங்களில் ஒன்று. பங்குச்சந்தை ஒவ்வொரு காலாண்டிலும் அதனிடம் ஒரு வருமானத்தை எதிர்பார்த்தது. காலாண்டு முடியும் நாளில் அந்தத் தொகை எட்டவில்லை என்றால், நிறுவனத்தின் பெரியவர்கள் கணக்குப் புத்தகத்தை மூடாமல் திறந்தே வைத்திருந்தார்கள். அடுத்த மாதத்தின் முதல் சில நாட்களில் கையெழுத்தான ஒப்பந்தங்களுக்கு முந்தைய மாதத் தேதி போட்டு, போதும் என்கிற அளவுக்கு எண் வந்த பிறகு மூடினார்கள். நிறுவனத்துக்குள் இதற்குப் பெயரே இருந்தது: '35 நாள் மாதம்'. பேக்ஸில் வந்த ஒப்பந்தங்களின் ஓரத்தில் எந்திரம் தானாக அச்சடிக்கும் தேதியையும் நேரத்தையும் நீக்கிவிடுவார்கள்.

அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 2004-இல் வழக்குத் தொடுத்தது. 1998 ஜனவரியிலிருந்து 2000 செப்டம்பர் வரை குறைந்தது 363 ஒப்பந்தங்களில் 330 கோடி டாலருக்கு மேற்பட்ட வருமானம் உரிய காலத்துக்கு முன்பே எழுதப்பட்டது என்பது அதன் குற்றச்சாட்டு. நிறுவனம் முதலீட்டாளர்களுக்கு 22.5 கோடி டாலர் ஈடு கொடுக்க ஒப்புக்கொண்டது. இலங்கையில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா போய், அந்த நிறுவனத்தின் தலைமைப் பதவி வரை உயர்ந்த சஞ்சய் குமார் 2006-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு நவம்பரில் அவருக்கு 12 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இந்த வழக்கில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஒப்பந்தங்கள் கற்பனை அல்ல. வாங்கியவர்கள் உண்மையானவர்கள். மென்பொருளும் உண்மை. நாலு நாள் தேதியில் மட்டும்தான் பொய். ஆனால் நாலு நாள் வருமானத்தை இந்தக் காலாண்டுக்கு இழுத்துவிட்டால், அடுத்த காலாண்டு நாலு நாள் குறைவாகத் தொடங்குகிறது. அதை நிரப்ப அடுத்ததிலிருந்து இன்னும் அதிகமாக இழுக்க வேண்டும். இழுப்பதை நிறுத்தும் காலாண்டில் பள்ளம் முழுசாக வெளியே தெரியும். 2000 ஜூலையில் நிறுவனம் எதிர்பார்த்த வருமானம் வரவில்லை என்று அறிவித்ததும் அதன் பங்கு ஒரே நாளில் 40 சதவீதத்துக்கு மேல் சரிந்தது.

ஈரோட்டுக் கடையில் பங்குதாரர்கள் இல்லை. ஆனால் கடனுக்கு மனுப் போட்டிருக்கும் வங்கி மாதாமாதம் விற்பனை, சரக்கு இருப்பு, வர வேண்டிய பாக்கி ஆகியவற்றின் பட்டியலைக் கேட்கிறது. விற்பனைப் பிரதிநிதிகளுக்கு மாத இலக்கை வைத்து ஊக்கத்தொகை போகிறது. இலக்குக்கு ஒரு லட்சம் குறையும்போது 30, 31 தேதிகளில் பில்கள் குவியும். அடுத்த மாதம் முதல் வாரத்தில் அவற்றில் சில கிரெடிட் நோட்டாகத் திரும்பும். கடைசி இரண்டு நாள் விற்பனையையும், அடுத்த பத்து நாளில் வந்த கிரெடிட் நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் பெயரில் போட்ட பில் யார் பெயரில் திரும்பியது என்று பார்த்தாலே போதும். இலக்குக்காகப் போட்ட பில்கள் பெயரோடு வெளியே வந்துவிடும். அதேபோல பில் எண்ணும் தேதியும் ஒரே வரிசையில் ஏற வேண்டும். 1846-ஆம் எண் பில்லில் 31-ஆம் தேதியும், 1851-ஆம் எண் பில்லில் 30-ஆம் தேதியும் இருந்தால், யாரோ தேதியில் கை வைத்திருக்கிறார்கள்.

திரும்பி வரும் சரக்குதான் மாத முடிவில் மிக அதிகமாகத் தவறிப்போகும் பகுதி. காரணம் எளிது. விற்பதற்கு ஒரு அவசரம் இருக்கிறது. திரும்பி வந்ததை எழுத யாருக்கும் அவசரம் இல்லை.

தீபாவளி முடிந்த வாரத்தில் விற்காத சரக்கைச் சில்லறைக் கடைகள் திருப்பி அனுப்பத் தொடங்கும். நம் கடைக்கு அக்டோபர் 29-ஆம் தேதி திண்டுக்கல்லிலிருந்து 1,10,000 ரூபாய்ச் சரக்கு திரும்பி வந்தது. குடோன் ஆட்கள் அதை மூலையில் அடுக்கிவைத்தார்கள். கறை படிந்தது எத்தனை, மடிப்புக் கலைந்தது எத்தனை, எதை ஏற்றுக்கொள்வது, எதைத் திருப்பி அனுப்புவது என்று பார்த்து, பேரம் பேசி முடித்துக் கிரெடிட் நோட் போட நவம்பர் 6-ஆம் தேதி ஆகிவிட்டது.

இங்கேயும் இரண்டு கணக்குக்கு இரண்டு மாதம். சரக்கு அக்டோபரிலேயே கைக்கு வந்துவிட்டதால், லாபக் கணக்கில் அக்டோபர் விற்பனையிலிருந்து 1,10,000 ரூபாயைக் கழிக்க வேண்டும். நோட் இன்னும் போடாவிட்டாலும் மதிப்பிட்டுக் கழிக்க வேண்டும். வரிக் கணக்கில் கிரெடிட் நோட் எந்த மாதம் போடப்பட்டதோ அந்த மாதப் படிவத்தில்தான் அது காட்டப்படும். ஆகவே வரி குறைவது நவம்பர் மாதத்தில். இதற்குச் சட்டம் ஒரு கடைசி நாளும் வைத்திருக்கிறது. எந்த நிதியாண்டில் விற்ற சரக்கோ அந்த ஆண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள், அல்லது அந்த ஆண்டுக்கான வருடாந்தரப் படிவம் தாக்கல் செய்வதற்குள், இரண்டில் எது முந்தியதோ அதற்குள் காட்டியாக வேண்டும். தாண்டினால் கட்டிய வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது.

இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். மாதக் கடைசியில் குடோனில் உள்ளதை எண்ணும் ஆட்கள் கண்ணில் பட்டதை எல்லாம் எண்ணுவார்கள். மூலையில் கிடந்த திண்டுக்கல் சரக்கும், லாரிக்காகக் காத்திருந்த மதுரைப் பேல்களும் இருப்பில் சேர்ந்துவிடும். விற்பனைப் பதிவேட்டிலோ இரண்டும் விற்றதாகவே இருக்கின்றன. ஒரே துணி விற்றதாகவும் கணக்கில் நிற்கிறது, இருப்பதாகவும் நிற்கிறது. இந்த இடத்தில் லாபம் அந்தத் துணியின் லாப விகிதத்தால் மட்டும் கூடுவதில்லை. விற்ற விலை முழுவதுமே லாபமாகத் தெரியும். மதுரையில் 3,20,000, திண்டுக்கல்லில் 1,10,000, ஆக 4,30,000 ரூபாய் போலி லாபம். கோயம்புத்தூர்ச் சரக்கையும் பிடிக்காமல் விட்டிருந்தால் அங்கே 1,80,000 குறைந்து, மிச்சம் 2,50,000 ரூபாய் கூடுதலாகக் காட்டும்.

இந்தக் கடைக்கு வழக்கமாக நூற்றுக்கு 15 ரூபாய் மொத்த லாபம். சரியான அக்டோபர் விற்பனை என்ன? பதிவேட்டில் இருந்த 62,40,000 ரூபாயில் மதுரைக்கு 3,20,000 கழித்து, கோயம்புத்தூருக்கு 1,80,000 கூட்டி, திண்டுக்கல்லுக்கு 1,10,000 கழித்தால் 59,90,000 ரூபாய். அதில் 15 சதவீதம் 8,98,500 ரூபாய். எதையும் சரிசெய்யாமல் விட்டிருந்தால் லாபம் 11,48,500 என்று காட்டியிருக்கும். 62,40,000 ரூபாய் விற்பனையில் அது 18.4 சதவீதம். பெட்ஷீட் வியாபாரத்தில் விலையும் ஏற்றாமல், வாங்கும் விலையும் குறையாமல், ஒரு மாதத்தில் லாபம் மூன்று புள்ளிக்கு மேல் ஏறாது. அடுத்த மாதம் அது அதே வேகத்தில் 15-க்குக் கீழே விழுந்தால் சந்தேகமே இல்லை, மாத எல்லையில் ஏதோ இடம் மாறியிருக்கிறது. மாதாமாத லாப விகிதத்தை ஒரே தாளில் வரிசையாக எழுதிவைக்கும் முதலாளிக்கு, கணக்குப் படிக்காமலே இது தெரிந்துவிடும்.

பணத்தின் கதை வேறு. அது எப்போது வந்தாலும் விற்பனை மாதத்தை மாற்றாது. அது பாதிப்பது பாக்கிப் பட்டியலை.

நம் கடைக்கு அக்டோபர் 30-ஆம் தேதி சேலத்திலிருந்து பொங்கல் ஆர்டருக்காக இரண்டு லட்சம் ரூபாய் முன்பணம் வந்தது. அது விற்பனை அல்ல. சரக்கு கொடுக்கும் வரை அது சேலத்துக்காரருக்குத் தர வேண்டிய கடன். சரக்குக்கான முன்பணத்துக்கு, தொகுப்புத் திட்டத்தில் இல்லாத வியாபாரிகள், பணம் வந்த நாளிலேயே வரி கட்ட வேண்டியதில்லை என்று 2017 நவம்பரில் அரசு அறிவித்தது. சேவைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. தையல் கூலிக்கு முன்பணம் வாங்கினால் வரிப் பொறுப்பு அப்போதே வந்துவிடும். இந்த இரண்டு லட்சத்தை அக்கவுண்டன்ட் சேலத்துக்காரரின் பழைய பில்லில் கழித்துவிட்டால், பழைய பாக்கி தீர்ந்துவிட்டதுபோலத் தெரியும், முன்பணம் மறைந்துவிடும். பொங்கலுக்குச் சரக்கு அனுப்பும்போது இரண்டு பேருக்கும் சண்டை வரும். வந்த பணம் எந்தப் பில்லுக்கு என்று கேட்டு எழுதாத ரசீதுகள்தான் பாக்கிக் கணக்கைக் கெடுக்கின்றன.

31-ஆம் தேதி மாலை ஒருவர் கொண்டுவந்து கொடுத்த செக் மறுவாரம்தான் வங்கியில் வரவாகும். அன்றைய தேதியிட்ட செக்காக இருந்தால் அது அக்டோபர் ரசீது. வங்கிக் கணக்குக்கும் கடைப் புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசமாகப் பட்டியலில் நிற்கும். அதுவே நவம்பர் 20 என்று தேதி போட்ட செக்காக இருந்தால், அது வெறும் உறுதிமொழி. பெட்டியில் பத்திரமாக இருக்கலாம், ரசீதுக் கணக்கில் ஏறக் கூடாது.

ஆன்லைன் தளங்களில் விற்பவர்களுக்கு இதே விஷயம் இன்னும் பின்னிக்கிடக்கும். தளம் அனுப்பும் பணம் ஒரே தொகையாக வங்கிக்கு வரும். அதற்குள் போன வாரத்து விற்பனை, அதற்கு முந்தைய வாரத்தில் திரும்பிய சரக்கு, தளத்தின் கமிஷன், கூரியர் செலவு, பிடித்த வரி எல்லாம் கூட்டிக் கழிந்து கிடக்கும். வந்த தொகையை அப்படியே விற்பனை என்று எழுதுகிறவர்கள் ஏராளம். விற்பனையும் குறைவாகத் தெரியும், செலவும் தெரியாது, மாதமும் பொருந்தாது. தளம் தரும் விவரப் பட்டியலில் ஒவ்வொரு ஆர்டருக்கும் அனுப்பிய தேதியும் திரும்பிய தேதியும் இருக்கும். அதை இறக்கிப் பிரித்துப் போடுவதைத் தவிர வேறு வழி இல்லை. தளமும் தன் பங்குக்கு, நீங்கள் விற்றது எவ்வளவு என்று அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் வரித்துறைக்குப் படிவம் கொடுக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நோட்டீஸ் விற்பவருக்குத்தான் வரும்.

நவம்பர் 3-ஆம் தேதிக்குள் நம் கடையில் எல்லாம் பொருத்தி முடிந்தது. அக்கவுண்டன்ட் ஒரே பக்கத்தில் ஒரு இணைப்புத்தாள் எழுதிக் கோப்பில் வைத்தார். அக்டோபர் வரிப் படிவத்தில் போகும் விற்பனை 64,20,000 ரூபாய். லாபக் கணக்கில் உள்ள விற்பனை 59,90,000 ரூபாய். வித்தியாசம் 4,30,000. அதில் 3,20,000 மதுரை, நவம்பர் 1-ஆம் தேதி லாரி ஏறியது. 1,10,000 திண்டுக்கல், கிரெடிட் நோட் நவம்பரில். இந்தத் தாள் இல்லாமல் ஆண்டு முடிவில் இரண்டு எண்களையும் பார்க்கும் அதிகாரிக்கு 4,30,000 ரூபாய் விற்பனையைக் கணக்கில் மறைத்ததாகத் தோன்றும். பதினைந்து மாதம் கழித்து அந்த வித்தியாசத்தை யாராலும் நினைவிலிருந்து விளக்க முடியாது. அந்த வாரமே எழுதிவைத்தால் நாலே வரி.

பிறகு அக்டோபரைப் பூட்டினார்கள். கணக்கு மென்பொருள்களில் ஒரு குறிப்பிட்ட தேதிக்கு முந்தைய பதிவுகளை யாரும் தொடாதபடி தடை வைக்கும் வசதி உண்டு. சாவி முதலாளியிடமோ ஆடிட்டரிடமோ இருக்க வேண்டும், பதிவு போடுபவரிடம் இருந்தால் அது பூட்டே இல்லை. பதிவு பெற்ற கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு திருத்தத்தையும் யார் எப்போது செய்தார்கள் என்ற தடத்தை அழிக்க முடியாமல் வைத்திருக்கும் மென்பொருள்தான் வேண்டும் என்பது விதி. தனிநபர் கடைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அதே வசதியை அவர்களும் போட்டுக்கொள்ளத் தடையும் இல்லை, போட்டுக்கொள்வதே நல்லது.

பூட்டிய பிறகும் ஏதாவது கிடைக்கும். நவம்பர் 24-ஆம் தேதி, சலான் புத்தகத்தின் அட்டைக்குள் செருகியிருந்த ஒரு தாள் அகப்படுகிறது. அக்டோபர் 18-ஆம் தேதி போன 60,000 ரூபாய்ச் சரக்கு, பில்லே போடவில்லை. கரூர்க் கடைக்காரரும் கேட்கவில்லை. அக்டோபருக்கான படிவங்கள் போய்விட்டன, வரியும் 20-ஆம் தேதி கட்டியாகிவிட்டது. முதலாளி சொல்கிறார், "அக்டோபரைத் திறந்து ஒரு பில்லைச் செருகிடலாமுங்க." திறந்தால் வங்கிக்குக் கொடுத்த பட்டியல், இணைப்புத்தாள், தாக்கல் செய்த படிவம் மூன்றும் புத்தகத்தோடு ஒட்டாமல் போகும். அக்டோபர் மூடியே இருக்கட்டும். பில்லை இன்றைய தேதியிலேயே போட்டு, அக்டோபர் 18-இல் போன சரக்கு என்று அதிலேயே குறித்து, நவம்பர் படிவத்தில் காட்டலாம். 5 சதவீத வரி 3,000 ரூபாய். நவம்பர் 20-இல் கட்டியிருக்க வேண்டியதை டிசம்பர் 20-இல் கட்டுவதால் ஆண்டுக்கு 18 சதவீதம் என்ற கணக்கில் 30 நாளுக்கு வட்டி சுமார் 44 ரூபாய்.